மஞ்சள் இலை டி.என்.ஏ: மாணவர் கையேட்டுக்கு உதவி வேணுங்க

வணக்கமுங்க. ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், மஞ்சள் செடியின் இலையிலிருந்து சி-டேப் முறையில் டி.என்.ஏ பிரிக்கும் ஆய்வுமுறையை இளநிலை மாணவர்களுக்கான கையேடாக மாத்திட்டு இருக்கேன். பொருள் பட்டியல் முடிஞ்சுது.

மூலத்தில் "குளோரோஃபார்ம் சேர்க்கவும்" என்று ஒரே வரிதான். மாணவருக்கு அது பத்தாதுங்க. ஃபியூம் ஹூடுக்குள் மட்டும் திறக்கணும், நைட்ரைல் கையுறையில் பட்டால் உடனே மாத்தணும், பாலிஸ்டைரீன் குழாய் கரைஞ்சுரும், கழிவைக் கழுவுதொட்டியில் ஊத்தக்கூடாதுன்னு விரிச்சு எழுதியிருக்கேன்.

கோளாறு அட்டவணையில்தான் சந்தேகம். வீழ்படிவு பழுப்பாக வந்தால் பாலிஃபீனால் ஆக்சிஜனேற்றம், பி.வி.பி சேர்க்கணும். ஜெல்லி மாதிரி வழவழன்னு இருந்தால் பாலிசாக்கரைடு, தாங்கல் கரைசலில் 1.4 மோலாரா இருக்கிற உப்பின் அளவை இன்னும் கூட்டணும். மஞ்சளில் செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க: எவ்வளவு கூட்டினீங்க? மெர்காப்டோஎத்தனால் இல்லாமல் பி.வி.பி மட்டும் போதுமா? அந்த நெடியை மாணவர் கையில் கொடுக்க மனசு வரலைங்க.