உதவி தேவை: ‘சிவப்புப் பெரிய பை’ என்று மாணவர் எழுதினால் பிழையா?

பட்டர்வொர்த் ஆசிரியை

வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கட்டுரை ஒன்றில் ஒரு மாணவி, “அப்பா எனக்குச் சிவப்புப் பெரிய பை வாங்கித் தந்தார்” என்று எழுதியிருக்கிறாள். படித்தவுடனே காதில் இடறியது. ‘பெரிய சிவப்புப் பை’ என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். “ஏன் டீச்சர்?” என்று அவள் கேட்டாள். “அப்படித்தான் சொல்வோம்” என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. தமிழில் இதற்கு விதியே கிடையாது, சிவப்பு மையால் திருத்துவது தவறு என்கிறார் உடன் பணிபுரிபவர். அவர் சொல்வதும் முழுக்க ஒத்துவரவில்லை. இது பிழை என்றால் காரணம் என்ன? பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்கள்.

கிள்ளான் டியூஷன் ஆசிரியர்

இதற்கு விதி இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலில் நம் கருத்து, பிறகு அளவு, பழமை, வடிவம், நிறம், நாடு, கடைசியில் எந்தப் பொருளால் ஆனது என்று வரிசை சொல்லிக் கொடுப்பார்கள். ‘பிக் ரெட் பேக்’ சரி, ‘ரெட் பிக் பேக்’ தவறு. தமிழுக்கும் அதே வரிசைதான். அளவு முன்னால், நிறம் பின்னால். இதை மனப்பாடம் செய்ய வையுங்கள், போதும்.

மெய்ப்புத் திருத்துபவர், கோலாலம்பூர்

டியூஷன் ஐயா சொன்ன வரிசை ஆங்கிலத்துக்குப் பொருந்தும். இந்த வாக்கியத்துக்கு அது தரும் விடையும் சரிதான். ஆனால் அதையே தமிழ் விதியாக்கினால் நல்ல தமிழையும் திருத்தத் தொடங்கிவிடுவோம். ‘சிவந்த பெரிய கண்கள்’, ‘கரிய பெரிய மேகம்’ ஆகியவற்றில் நிறம்தான் முன்னால் நிற்கிறது. யார் காதிலும் இடறாது. மாணவி ‘சிவப்பான பெரிய பை’ என்று எழுதியிருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன்.

எனவே சிக்கல் நிறத்தில் இல்லை, ‘சிவப்பு’ என்ற சொல்லின் தன்மையில் இருக்கிறது. ‘பெரிய’ ஒரு பெயரடை. பெயருக்கு முன்னால் எங்கே நிறுத்தினாலும் நிற்கும். ‘சிவப்பு’ ஒரு பெயர்ச்சொல், நிறத்தின் பெயர். அது இன்னொரு பெயரோடு நேராக ஒட்டித்தான் ‘சிவப்புப் பை’ ஆகிறது. தோல் பை, துணிப்பை எல்லாம் இப்படி ஒட்டியவையே. ‘துணிப் பெரிய பை’ என்று யாரும் சொல்வதில்லையே. ‘சிவப்புப் பெரிய பை’ இடறுவதும் ஏறக்குறைய அதே காரணத்தால்தான்.

மாணவியிடம் ‘மிக’ சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘மிகப் பெரிய பை’ வரும். ‘மிகச் சிவப்பான பை’ வரும். ‘மிகச் சிவப்புப் பை’ வராது. ‘மிக’ ஏற்காத சொல் பையை ஒட்டியே நிற்கட்டும். ஏற்கும் சொற்களை அதற்கு முன்னால் எந்த வரிசையிலும் வைக்கலாம். பத்து வயதுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஈப்போ வாசகி

என் மகனுக்கும் இதே குழப்பம்தான். ‘பெரியப் பை’யா, ‘பெரிய பை’யா? அவன் எல்லா இடத்திலும் ஒற்றுப் போட்டு எழுதுகிறான்.

மெய்ப்புத் திருத்துபவர், கோலாலம்பூர்

அம்மா, இங்கே கேட்டது சொல் வரிசை பற்றி. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ‘பெரிய’, ‘சிறிய’, ‘நல்ல’ இவற்றுக்குப் பின் ஒற்று மிகாது. பெரிய பை, சிறிய கடை என்றே எழுத வேண்டும். ‘சிவப்பு’, ‘பச்சை’ போன்றவை பெயரோடு ஒட்டும்போது மிகும். சிவப்புப் பை, பச்சைப் பை.

செந்தூல் மளிகைக் கடைக்காரர்

ஐயா, ஒட்டி நிற்கும் என்கிறீர்கள். என் கடையில் பலகையில் எழுதி வைத்திருப்பதே ‘சிவப்புப் பெரிய வெங்காயம்’, ‘வெள்ளைப் பெரிய வெங்காயம்’ என்றுதான். நிறம் முன்னால், அளவு பின்னால். வாடிக்கையாளர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். ‘பெரிய சிவப்பு வெங்காயம்’ என்று மாற்றினால், குவியலில் உருவத்தில் பெரியதாகப் பொறுக்கிக் கொடுக்கச் சொல்வதைப் போல இருக்கும். நான் எழுதியது பிழையா?

மெய்ப்புத் திருத்துபவர், கோலாலம்பூர்

பிழையே இல்லை. நான் சொன்னதில் விட்டுப்போன பாதியை நீங்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ‘பெரிய வெங்காயம்’ என்பதில் ‘பெரிய’ அளவைச் சொல்லவில்லை, இனத்தைச் சொல்கிறது. கோலிக்குண்டு அளவில் ஒன்று கிடைத்தாலும் அது பெரிய வெங்காயம்தான். சின்ன வெங்காயம் எவ்வளவு பருத்தாலும் சின்ன வெங்காயம்தான். இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே பெயராகிவிட்டதால் ‘சிவப்பு’ அந்த முழுப் பெயரோடு ஒட்டுகிறது. ஆகவே, பொருளின் வகையைச் சொல்லும் சொல் பெயரை விட்டு விலகாது என்று திருத்திக்கொள்கிறேன். வெங்காயத்தில் வகையைச் சொல்வது ‘பெரிய’. பையில் பெரும்பாலும் ‘சிவப்பு’.

கிள்ளான் டியூஷன் ஆசிரியர்

வெங்காயத்தை ஏற்கிறேன். ஆனால் பைக் கடையிலும் ‘பெரிய பை’, ‘சிறிய பை’ என்று இரண்டே வகை வைத்து, ஒவ்வொன்றிலும் பல நிறம் வைத்திருந்தால்? அப்போது கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் ‘சிவப்புப் பெரிய பை - 6’ என்று எழுதுவது சரியாகிவிடுமே. அந்தப் பிள்ளை கடையில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கலாம் அல்லவா?

மெய்ப்புத் திருத்துபவர், கோலாலம்பூர்

சரியாகிவிடும். அந்தக் கடைக்குள் அது சரி. கட்டுரையைப் படிப்பவருக்கு அந்தக் கடையில் உள்ள வகைகள் தெரியாது, அதனால்தான் இடறுகிறது. அந்த இடத்தில் நான் ‘பெரிய பைகளில் சிவப்பு நிறத்தை எடுத்தோம்’ என்று எழுதச் சொல்வேன்.

பாலிக் புலாவ் அம்மா

பிள்ளைகளுக்கு இது மலாயிலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மலாயில் ‘பெக் மேரா பெசார்’ என்பார்கள், பையைத்தான் முதலில் சொல்வார்கள். என் பேத்தி பையை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவாள். ‘மேரா பெசார்’ என்ற வரிசை ‘சிவப்புப் பெரிய’ என்று தமிழிலும் தங்கிவிடும்.

மெய்ப்புத் திருத்துபவர், கோலாலம்பூர்

நல்ல கவனிப்பு, அம்மா. மலாய்த் தொடரைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்தால் நம் ‘பெரிய சிவப்புப் பை’ வந்துவிடும். அதாவது இரண்டு மொழியிலும் நிறம்தான் பையை ஒட்டி நிற்கிறது, திசை மட்டும் வேறு. ஆனால் இந்த மாணவிக்கு அங்கிருந்துதான் வந்தது என்று ஒரு வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவளுடைய மற்ற கட்டுரைகளில் ‘மரப் பழைய மேசை’, ‘பட்டுப் புதிய பாவாடை’ போன்றவை இருக்கின்றனவா என்று பாருங்கள், ஆசிரியை. இருந்தால் பாட்டி சொல்வது பலப்படும்.

பட்டர்வொர்த் ஆசிரியை

‘மிக’ சேர்த்துப் பார்ப்பதை இன்று வகுப்பில் செய்து பார்த்தோம். பிள்ளைகள் தாமாகவே ‘மிகத் துணிப்பை’, ‘மிகத் தோல் பை’ என்று சொல்லிப் பார்த்து, வராது என்று முடிவு செய்தார்கள். ‘பச்சை’யில்தான் சண்டை வந்தது. ‘மிகப் பச்சை இலை’ வரும் என்று இருவர் பிடிவாதமாக நின்றார்கள். மற்றவர்கள் ‘மிகப் பச்சையான’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றார்கள். அதை நான் தீர்த்து வைக்கவில்லை. மதிப்பெண் குறைக்க வேண்டுமா என்பதில் உடன் பணிபுரிபவருக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. இப்போதைக்கு அடிக்கோடு மட்டும் போட்டு, ‘சிவப்பான பெரிய பை, பெரிய சிவப்புப் பை - இரண்டும் சரி’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய கட்டுரைகளை வார இறுதியில் எடுத்துப் பார்க்கிறேன்.