ஜியோ-பிளாக்கிங்: ‘புவித்தடை’ சரியா? (திங்கட்கிழமைக்குள் தேவை)

மல்லிகா, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். தொடர்கள் பார்க்கும் செயலி ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். ஒரு தொடர் சில நாடுகளில் கிடைக்காமல் இருப்பதற்கு, எனக்கு முன் செய்தவர் ‘புவித்தடை’ என்று போட்டிருக்கிறார். படித்தால் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டதுபோல இருக்கிறது. கூடவே டெரிட்டரி, விண்டோ, ஹோல்ட்பேக் என்று மூன்று சொற்கள் நிற்கின்றன. கைகொடுங்கள்.

செல்வராஜ், கூடலூர்

தடை என்பதே சரி அம்மா. தடைதானே செய்திருக்கிறார்கள்? சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாங்கள் இங்கே வந்துவிட்டோம், அக்கா மட்டும் ஹட்டனிலேயே தங்கிவிட்டார். நான் இங்கே பார்க்கிற தமிழ்த் தொடரை அவர் அங்கே தேடினால் பெயரே வருவதில்லை. கொழும்பில் தணிக்கைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இதற்கு மனு எங்கே கொடுப்பது என்று யாருக்காவது தெரியுமா?

ராமநாதன், குன்னூர்

தம்பி செல்வராஜ், கொழும்பில் யாரும் எதையும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். அந்த செயலிக்காரரிடம் இலங்கைக்கான உரிமை இருக்காது, அவ்வளவுதான்.

நான் கோவையில் பட விநியோக அலுவலகத்தில் வேலை பார்த்தவன். நீலகிரி எங்கள் கோவை ஏரியாவில் சேர்த்தி. கொடைக்கானல் எம்.ஆர்., அதாவது மதுரை–ராமநாதபுரம் ஏரியா. ஊட்டி தியேட்டருக்குப் படப்பெட்டி அனுப்புகிறவர் அதே பெட்டியைக் கொடைக்கானலுக்கு அனுப்ப முடியாது, அது வேறொருவர் காசு கொடுத்து வாங்கிய இடம். வெளிநாட்டு வியாபாரத்துக்கு எஃப்.எம்.எஸ். என்று பெயர். வெளிநாடு என்று ஒட்டுமொத்தமாகச் சொன்ன பிறகும் மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் தனித்தனியாக நிற்கும், அங்கே நம் படத்துக்குக் கூட்டம் உண்டு என்பதால்.

ஏன் துண்டு போடுகிறார்கள் என்றால், படம் முடிவதற்கு முன்பே தயாரிப்பாளருக்குப் பணம் வேண்டும். மலேசியாக்காரருக்கு மலேசியாவில் எவ்வளவு வசூலாகும் என்று தெரியும், அதற்குத் தக்க விலை கொடுப்பார். உலகம் முழுவதையும் ஒரே ஆள் வாங்கினால், தனக்குத் தெரியாத நாட்டுக்கு ஒரு பைசா கூடுதலாகத் தர மாட்டார். இப்போது தொடர்களுக்கும் இதே கணக்குதான். ஆகவே டெரிட்டரிக்கு ‘ஏரியா’ என்றே போடுங்கள் மல்லிகா. அறுபது வருடமாகப் புழங்குகிற சொல்.

இளங்கோ, கொடைக்கானல்

ஏரியா என்றைக்கு ஐயா தமிழானது? ‘புலம்’ இருக்க வேறு சொல் எதற்கு? ஆள்புலம், புலம்பெயர்தல் எல்லாம் மக்கள் நாவில் உள்ளவை. புலம் என்றால் நிலம். அதோடு நிற்கவில்லை: புலப்படுதல், புலன், புலமை என்று காண்பதும் அறிவதும் அதே வேரில் கிளைக்கின்றன. ஒரு நிலத்தில் ஒரு தொடர் புலப்படுகிறது, இன்னொரு நிலத்தில் புலப்படவில்லை. இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா? உரிமம் பெற்ற நாடு ‘உரிமைப்புலம்’, மற்றவை ‘புறப்புலம்’. தொல்காப்பியர் முதற்பொருளை நிலமும் பொழுதும் என்று இரண்டாகப் பிரித்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அது தனி மடலில்.

பிரவீன், வெலிங்டன்

தொழில்நுட்பமாக ஒன்று சொல்கிறேன். கணக்கை எந்த நாட்டில் தொடங்கினோமோ அந்த நாட்டுப் பட்டியல்தான் எங்கே போனாலும் வரும். நான் துபாய் போனபோது இங்கே பார்த்த தொடரெல்லாம் அங்கேயும் ஓடியது. அதனால் நாடு, நிலம், புலம் எதுவும் வேண்டாம், ‘கணக்கு வரம்பு’ போதும்.

ஃபாத்திமா, உதகை

பிரவீன், துபாயில் உங்கள் சிம் ரோமிங்கில் இருந்ததா? ரோமிங் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனம் வழியாகச் சுற்றித்தான் இணையத்துக்குப் போகும், அதனால் செயலிக்கு நீங்கள் இந்தியாவில் இருப்பதாகவே படும். விடுதி வைஃபையில் பார்த்திருந்தால் பட்டியல் மாறியிருக்கும். ஒவ்வொரு தொடருக்கும் எந்தெந்த நாடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று குறித்து வைத்திருப்பார்கள். உங்கள் ஐ.பி. முகவரி எந்த நாட்டுடையது என்று பார்த்து, குறிப்பில் அந்த நாடு இல்லாவிட்டால் பெயரையே காட்டாமல் விட்டுவிடுவார்கள். செல்வராஜ் அண்ணா, அக்கா தேடினால் பெயரே வராததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

நான் இந்த ஒப்பந்தங்களை எழுதுகிறவள். ஓர் உதாரணம் பாருங்கள். குன்னூரில் எடுத்த ஒரு தொடரைத் தயாரிப்பாளர் ஒரு செயலிக்குக் கொடுக்கிறார். தாளில் ‘இணைய ஒளிபரப்பு உரிமை’ என்று மட்டும் இருக்கிறது, இடமும் இல்லை, காலமும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ள வேண்டும், காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு. உரிமத்துக்கும் இது பொருந்தும். வாங்கியவர் முழுதும் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருப்பார், ஹட்டனில் காட்டினால் அத்துமீறல் ஆகிவிடும். 5 ஆண்டு கழிந்தால் கூடலூரிலும் காட்ட முடியாது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது, அதன் பெயரை உலகம் முழுக்கப் பரப்பிய ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடக்கத்தில் இங்கே அதில் இல்லை. தயாரித்தது வேறொரு நிறுவனம், இந்திய உரிமை அதற்கு முன்பே ஒரு தொலைக்காட்சிக்குப் போயிருந்தது.

ஆகவே ‘தடை’ வேண்டவே வேண்டாம். தடை என்றால் யாரோ தடுத்தார்கள் என்றாகிறது, செல்வராஜ் அண்ணா மனு எழுதப் போய்விட்டார் பாருங்கள். ‘உரிமை எல்லை’ என்று வைக்கலாமே.

இளங்கோ, கொடைக்கானல்

எல்லை என்பது வெறும் நிலத்தைக் குறிப்பதன்று. குறுந்தொகையில் ‘எல்லை கழிய முல்லை மலர’ என்னும் இடத்தில் எல்லை பகற்பொழுது. எல் என்றால் ஒளி. கதிரவனையும் குறிக்கும்.

ஃபாத்திமா, உதகை

ஐயா, அப்படியானால் இன்னும் நல்லது. ஒப்பந்தத்தில் இடமும் காலமும் சேர்ந்தேதான் வரும். விண்டோ என்பதற்குத் தனிச்சொல்லே வேண்டாம்போல இருக்கிறதே!

இளங்கோ, கொடைக்கானல்

என் சான்றை எனக்கு எதிராகவே திருப்புகிறீர்கள். சங்கப் பொருள் இன்று எந்த வாசகருக்குத் தெரியும்?

பிரவீன், வெலிங்டன்

புறப்புலம் மட்டும் தெரியுமா சார்? :)

ராமநாதன், குன்னூர்

ஹோல்ட்பேக்கை மறந்துவிட்டீர்களே. ஒரு நாட்டுக்கு விற்காமல் இருப்பது வேறு, விற்றுவிட்டு ‘இத்தனை மாதம் வேறு யாருக்கும் தராதே’ என்று வாங்கியவர் கட்டிப்போடுவது வேறு. டிவியில் ஒளிபரப்பாகும்வரை செயலிக்குக் கிடையாது என்று எழுதுவார்கள். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஹட்டனில் வேறு எந்த டிவியிலும் செயலியிலும் அந்தத் தொடர் வரவில்லை என்றால், விற்காமல் கிடக்கிறதா, கட்டிப்போட்டிருக்கிறதா என்று தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. எங்கள் காலத்தில் இதை ‘பெட்டியை நிறுத்தி வைக்கிறது’ என்போம்.

மல்லிகா, கோத்தகிரி

ஞாயிறு இரவு பத்து ஆகிவிட்டது. ‘உரிமை எல்லை’, ‘உரிமைக் காலம்’ என்று போட்டுவிட்டேன். காலத்துக்குத் தனிச்சொல் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கேள்வி கேட்பார், ஃபாத்திமா பொறுத்துக்கொள்ளுங்கள். திரையில் வருகிற செய்தியை ‘இந்தத் தொடரை உங்கள் நாட்டில் காட்ட எங்களிடம் உரிமை இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் மூலத்தில் ‘கிடைக்காது’ என்று மட்டும்தான் இருக்கிறது, யாரிடம் உரிமை இல்லை என்பதைச் சொல்ல விரும்ப மாட்டார்கள், திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம். ஹோல்ட்பேக்கை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.

செல்வராஜ், கூடலூர்

சரி, மனு வேண்டாம். தயாரிப்பாளருக்கு எழுதினால் இலங்கைக்கு விற்பார்களா?

ராமநாதன், குன்னூர்

எழுதிப் பாருங்கள் தம்பி. கேட்கிற ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஏரியாவுக்கு விலை வரும்.

இளங்கோ, கொடைக்கானல்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் என் மறுப்பு பதிவாகட்டும். ‘உரிமை எல்லை’ என்பதை மனித உரிமைக்கு எல்லை என்று ஒருவர் படிக்கமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? ஹோல்ட்பேக்குக்கு ‘நிறுத்திவைப்பு’ வேண்டாம், ‘தகைவு’ என்று ஒரு சொல் இருக்கிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.