டி.எஸ்.எச். நார்மல், ஆனா சோர்வு போகல: தைராய்டு எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

சுமதி, பெரம்பூர்
கட்டி இருந்ததால எனக்கு தைராய்டை முழுசா எடுத்துட்டாங்க. இப்போ தினமும் தைராக்ஸின், அதாவது டி4 மாத்திரை, 100 மைக்ரோகிராம். டி.எஸ்.எச். 1.8. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "எல்லாம் சரியா இருக்கும்மா"ன்னு அனுப்பிடறார். எனக்கோ மத்தியானம் ஆபீஸ்ல கண்ணு சொருகுது, ஸ்டேஷன் படி ஏறினா தொடை கனக்குது, தெரிஞ்சவங்க பேரே வாயில வரமாட்டேங்குது. நானே கேட்டு டி4, டி3ங்கற ரெண்டு தைராய்டு ஹார்மோன் டெஸ்டையும் எடுத்தேன். ஃப்ரீ டி4 1.6, லேப் அளவு 0.8 முதல் 1.8. ஃப்ரீ டி3 2.4, அளவு 2.3 முதல் 4.2. ஒண்ணு மேல் விளிம்புல, ஒண்ணு கீழ் விளிம்புல. யாருக்காவது இப்படி?

ராகவன், மயிலாப்பூர்
மாத்திரை போட்டதும் ஃபில்டர் காபி குடிக்கறீங்களா? எனக்கு டி.எஸ்.எச். 9 வரை போச்சு. காபியை ஒரு மணி நேரம் தள்ளி வச்சேன், சரியாப் போச்சு. கால்சியம், இரும்பு மாத்திரை எல்லாம் நாலு மணி நேரம் கழிச்சுதான்.

சுமதி
சார், உங்களுக்கு மருந்து உடம்புல சேரல. எனக்கு டி.எஸ்.எச். சரியாதான் இருக்கு, டி4-ம் நிறைய இருக்கு.

பிரவீன், வேளச்சேரி
இது கன்வர்ஷன் பிரச்னை. டி4-ஐ டி3 ஆக்கற டீஅயோடினேஸ் என்சைமுக்கு செலினியம் வேணும். ஒரு பாட்டில் வாங்கிச் சாப்பிடுங்க, ரிவர்ஸ் டி3 டெஸ்டும் எடுங்க.

வசந்தா, கீழ்ப்பாக்கம்
பயோகெமிஸ்ட்ரி லேப்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ நான். பிரவீன் தம்பி, அந்த என்சைம்ல செலினியம் இருக்கறது உண்மைதான். ஆனா குறைபாடு இல்லாதவங்க கூடுதலா சாப்பிட்டா என்சைம் வேகமா ஓடாது. அளவு மீறினா முடிதான் கொட்டும். ரிவர்ஸ் டி3 காய்ச்சல், பட்டினி எதுலயும் ஏறும், அதை வச்சு டோஸ் மாத்த முடியாது.

சுமதிம்மா, முதல்ல ஒண்ணு. அன்னிக்கு மாத்திரை போட்டுட்டு ரத்தம் கொடுத்தீங்களா? அப்படின்னா அந்த 1.6 கொஞ்சம் கூடிக் காட்டியிருக்கும். அடுத்த தடவை ரத்தம் கொடுத்துட்டு போடுங்க.

நல்ல தைராய்டு டி4-ஓட கொஞ்சம் டி3-யையும் நேரா விடும். உடம்போட மொத்த டி3-ல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு அப்படி வர்றது. மிச்சம், டி4-ல இருந்து ஒரு அயோடினைக் கழட்டி மத்த உறுப்புகள் செய்யறது. சுரப்பி போயிட்டா அந்த ஒரு பங்கும் போச்சு. மாத்திரை டி4 மட்டும்தான் தருது.

தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா பிட்யூட்டரி கூட்டி விடற ஹார்மோன்தான் டி.எஸ்.எச். அது ஏன் இதைக் காட்டிக்கொடுக்கல? மூளை, பிட்யூட்டரில வேலை செய்யறது ரெண்டாம் வகை டீஅயோடினேஸ். ரத்தத்துல டி4 கூடினா பல திசுக்கள்ல இந்த என்சைமை செல்லே அழிச்சுடும், அங்க மாத்தம் குறையும். டி.எஸ்.எச்.-ஐக் கட்டுப்படுத்தற ஹைப்போதலாமஸ்ல மட்டும் அது அவ்வளவு சீக்கிரம் அழியறதில்ல. அதனால அந்த இடத்துக்கு டி3 போதும்னு தோணி டி.எஸ்.எச். நார்மல் ஆயிடும், மத்த இடம் இன்னும் பசியோட இருக்கலாம். இது தெளிவாத் தெரிஞ்சது எலிகள்ல. உங்க தொடையில இதேதான் நடக்குதுன்னு யாரும் அளந்து சொல்ல முடியாது.

அந்த என்சைமோட ஜீன்ல Thr92Ala-ன்னு ஒரு மாறுபாடு உண்டு. 2009-ல பிரிட்டன்ல வந்த ஆய்வுல, ரெண்டு பிரதியும் அப்படி இருந்தவங்களுக்கு டி4 மட்டும் கொடுத்தப்போ மனநிலை மோசமா இருந்துச்சு, டி3 சேர்த்ததும் தேறினாங்க. அடுத்து வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒத்துக்கல. அந்த டெஸ்டுக்கு இப்போ காசு செலவழிக்காதீங்க. உடம்புல இரும்பு இருப்பைக் காட்டற ஃபெரிட்டின், அப்புறம் பி12 பாருங்க, குறட்டை இருந்தா சொல்லுங்க. இதே சோர்வு அதுலயும் வரும்.

நஸ்ரின், திருவல்லிக்கேணி
எனக்கு டி3 சேர்த்தாங்க. முதல்ல ஒரே வேளையா போட்டேன், காலையில நெஞ்சு படபடன்னு அடிச்சுது, சாயங்காலம் பழைய கதை. ரெண்டா பிரிச்சதும் படபடப்பு போச்சு. மூளை தெளிஞ்சுது, எடை இம்மியும் குறையல. எங்க அக்காவுக்கோ எந்த வித்தியாசமும் தெரியல, நிறுத்திட்டாங்க.

சுமதி
டாக்டர்கிட்ட என்னன்னு கேக்கறது?

வசந்தா
டி4-ஐக் குறைக்காம டி3-ஐ மேல ஏத்தக் கூடாது. ஐரோப்பிய வழிகாட்டுதல்ல ஒரு கணக்கு இருக்கு: உங்க 100-ஐ 20-ஆல வகுத்தா டி3 அஞ்சு மைக்ரோகிராம். அதுக்கு மூணு மடங்கு, அதாவது 15, டி4-ல கழியும். 85 வருது, கடையில 88 கிடைக்கும். அஞ்சை ரெண்டு வேளையா பிரிக்கணும், ஏன்னா டி4 வாரக்கணக்கா தங்கும், டி3 ஒரு நாள்ல பாதி கரைஞ்சுடும். மூணு மாசத்துல பலன் தெரியலன்னா விட்டுடணும். இதய நோய், துடிப்புத் தாளக் கோளாறு இருந்தா வேண்டாம். கர்ப்பம்னா கூடவே கூடாது, சிசுவோட மூளைக்குத் தாயோட டி4தான் போகுது.

ஒண்ணு சொல்லிடறேன். யாருக்கு எந்த மாத்திரைன்னு தெரியாம வச்சு செஞ்ச ஆய்வுகள்ல, சராசரியா பார்த்தா பெரும்பாலும் வித்தியாசம் வரல. ஆனாலும் சிலதுல டி3 சேர்த்ததே பிடிச்சிருக்குன்னு நிறைய பேர் சொன்னாங்க. உங்க டாக்டர் தயங்கினா அது பிடிவாதம்னு எடுத்துக்காதீங்க.

பிரவீன்
அப்போ செலினியம் வாங்கினது வேஸ்ட்டா?

சுமதி
ஃபெரிட்டின் நாளைக்கே எடுக்கறேன். ஆமா, வீட்டுக்காரர் ரொம்ப நாளா குறட்டைன்னு சொல்லிட்டுதான் இருக்கார்.