ஒரே லெட்ஜர் கோடு இரண்டு பட்ஜெட் வரிகளில் விழுகிறது – எப்படிப் பிரிப்பது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு அடுத்த நிதியாண்டுக்கான கணக்குத் தலைப்புகளைப் புதிதாக அமைத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் முடிவெடுக்க முடியவில்லை.

இப்போதைய வடிவம் இது: நான்கு இலக்கச் செலவுக் கோடு, அதன்பின் இரண்டு இலக்கத் திட்ட எண். நிதி தருபவருக்கு அறிக்கை தரும்போது பல கோடுகள் சேர்ந்து அவருடைய பட்ஜெட்டின் ஒரே வரிக்குப் போவதில் சிக்கல் இல்லை, கூட்டினால் போதும். ஒரே கோடு இரண்டு வரிகளுக்குப் போகும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். 5210-02 என்பது இரண்டாம் திட்டத்தின் பயணச் செலவு. நிதி தருபவரின் பட்ஜெட்டில் பயிற்சி முகாமுக்குள்ளும் பயணம் இருக்கிறது, கண்காணிப்புக்குள்ளும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு காலாண்டிலும் வவுச்சர்களைப் புரட்டி, எந்தப் பயணம் எதற்கு என்று எக்செலில் கையால் பிரிக்கிறோம். அந்தப் பிரிப்பு லெட்ஜரில் பதிவாவதே இல்லை. தணிக்கையாளர் கேட்டால் காட்டவும் வழியில்லை.

இரண்டு வழிகள் தெரிகின்றன. 5211, 5212 என்று பயணத்தையே உடைப்பது ஒன்று. ஆனால் அடுத்த நிதி தருபவர் வேறு மாதிரி பட்ஜெட் கேட்டால் தலைப்புகள் பெருகிக்கொண்டே போகும். மற்றொன்று, 5210-02-10 (பயிற்சி), 5210-02-20 (கண்காணிப்பு) என்று செயல்பாட்டுக்கு மூன்றாவது பகுதி சேர்ப்பது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. வவுச்சர் போடுபவர் அந்த எண்ணை விட்டுவிடுவாரோ என்பதுதான் என் கவலை.

மூன்று பகுதிக் கோடு பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்: செயல்பாட்டு எண்ணைக் கட்டாயமாக்கினீர்களா? வாடகை, மின்கட்டணம் போன்ற பொதுச் செலவுகளுக்கு என்ன எண் கொடுக்கிறீர்கள்?