கலைச்சொல் விவாதம்: இயைபு இல்லாத ஐந்து சீர் அடிக்கு என்ன பெயர்?

அனுப்பியவர்: பள்ளி நாடக ஆசிரியை

குழுவினருக்கு வணக்கம். எட்டாம் வகுப்பு ஆண்டு விழா நாடகத்தில் இளம் அரசன் ஒருவன் அவை நடுவே முடியைத் துறக்கிறான். அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் பிளாங்க் வெர்ஸ் என்று சொல்லும் வடிவில் தமிழில் அமைக்க வேண்டும். நாடகப் பிரதியின் ஓரக் குறிப்பில் அச்சிட அந்த வடிவத்துக்கு ஒரு தமிழ்ப்பெயரும் தேவை. "வெற்றுப்பா" என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது கையில் இருக்கும் வரைவு இப்படிப் போகிறது:

முடியினை நானே இறக்கிடு வேனே
குடிகளின் வாழ்வே எனதுயி ராமே

மாணவர்கள் இதைப் பேசாமல் பாடுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் ராகம் ஒட்டிக்கொள்கிறது. காரணம் என்ன?

அனுப்பியவர்: மிருதங்க ஆசிரியர்

அம்மா, ஐந்து தட்டு என்றால் கண்ட நடைதானே? தகதகிட என்று வைத்துச் சொற்களை அதற்குள் அடுக்கலாம். பெயரும் "கண்டப்பா" என்று சுருக்கமாக அமையும். எங்கள் மாணவர்களின் நாட்டிய நாடகத்துக்கு அப்படித்தான் செய்தோம்.

அனுப்பியவர்: யாப்பு நூல் பதிப்பாசிரியர்

கண்ட நடை வேறு, ஐயா. அங்கே ஒரு தட்டுக்குள் ஐந்து சம அளவுப் பங்குகள். கணக்குப் பிசகக் கூடாது. இங்கே ஒரு அடிக்குள் ஐந்து அழுத்தங்கள்; அவற்றின் இடைவெளி பேசுபவரின் மூச்சைப் பொறுத்து நீளும், குறுகும். தாளம் போட்ட உடனே இந்த வடிவம் கெட்டுவிடும். ஆசிரியை கேட்ட கேள்விக்கே விடை அதுதான்.

அந்த வரைவில் இரண்டு சிக்கல்கள். அடிக்கு நான்கு சீர் இருக்கிறது. நான்கு சீர் அடி வாயில் இரண்டும் இரண்டுமாகப் பிளந்துகொள்ளும். "முடியினை நானே" என்று ஒரு வீச்சு, "இறக்கிடு வேனே" என்று இன்னொரு வீச்சு. கூடவே முடி, குடி என்று எதுகையும், வேனே, ராமே என்று இறுதி ஒலியும் அடிதோறும் கதவடைக்கின்றன. பாடுவதற்கான எல்லாம் அதில் இருக்கிறது, பிள்ளைகள் பாடுகிறார்கள். ஐந்தைச் சரிபாதியாகப் பிளக்க முடியாது. இரண்டு மூன்று, மூன்று இரண்டு, நான்கு ஒன்று என்று நிறுத்தம் இடம் மாறும். பேச்சின் சாயல் அதிலிருந்துதான் வருகிறது.

ஆங்கிலத்தில் ஒரு அடிக்குப் பத்து அசை, அதில் ஐந்து அழுத்தம். மெலிந்தது முன்னும் அழுத்தியது பின்னுமாக வரும். தமிழில் அந்த வகை அழுத்தம் இல்லை, நமக்கு உள்ளது கால அளவு. அதனால் சீரின் தொடக்கத்தையே தட்டாக வைத்துக்கொள்ளலாம். ஈரசைச் சீர் ஐந்து போட்டால் அசைக் கணக்கும் பத்தாகவே வந்துவிடுகிறது.

அனுப்பியவர்: தமிழிலக்கிய முதுகலை மாணவர்

அடிக்கு ஐந்து சீர் என்றால் நெடிலடி. நெடிலடியால் வரும் பாவினம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: கலித்துறை. புதுப்பெயர் எதற்கு?

அனுப்பியவர்: யாப்பு நூல் பதிப்பாசிரியர்

நெடிலடி என்றது சரி, தம்பி. ஆனால் கலித்துறை நான்கு அடியில் முடியும், நான்கு அடிக்கும் ஒரே எதுகை வேண்டும். நமக்கு வேண்டியது எத்தனை அடியும் ஓடக்கூடிய, எதுகையும் இயைபும் கட்டாயமில்லாத வடிவம். தொடை எதுவும் அமையாமல் தொடுப்பதற்கு நம் இலக்கணத்தில் செந்தொடை என்று பெயர் உண்டு. ஆகவே என் முன்மொழிவு: ஐஞ்சீர்ச் செந்தொடை.

ஐந்தடிப் பா என்று யாரும் எழுதிவிட வேண்டாம். தமிழில் அடி என்றால் முழு வரி. ஐந்து வரிப் பாட்டு என்றே படிப்பார்கள்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

ஐயா, செந்தொடை என்றால் மோனையையும் விலக்க வேண்டியிருக்கும். பேச்சில் மோனை தானாக வந்து விழும்; அதை நாம் ஏன் துரத்த வேண்டும்?

இன்னொன்று. இந்த வடிவத்தின் வரலாற்றைப் பார்த்தால், சர்ரே பிரபு 1540 வாக்கில் வெர்ஜிலை மொழிபெயர்க்கும்போது இதை ஆங்கிலத்தில் கையாண்டார். இதில் எழுதிய முதல் ஆங்கில நாடகம் 1561-62 குளிர்காலத்தில் மேடையேறிய கார்பொடக். அதுவும் ஆட்சியைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு விலகும் அரசன் கதைதான். ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்ட் முடி துறக்கும் காட்சியில் பேச்சு பெரும்பாலும் இயைபில்லாமல் ஓடி, முடியும் இடத்தில் இயைபுடைய இரட்டை அடிகளாக மாறுகிறது. பேச்சு முடிந்தது என்று அவைக்கு அதுவே அறிவிப்பு. "இயைபு அறவே கூடாது" என்று பெயரிலேயே பூட்டிவிட்டால் இப்படிப்பட்ட இடத்தில் பெயர் பொய்யாகும்.

நம் பக்கத்தில் 1891இல் வந்த மனோன்மணீயம் பெரும்பாலும் ஆசிரியப்பாவால் ஆனது. நாடகப் பேச்சுக்கு அகவலோசை பொருந்தும் என்பதற்கு அதுவே சான்று. என் முன்மொழிவு: ஐஞ்சீர் அகவல்.

அனுப்பியவர்: யாப்பு நூல் பதிப்பாசிரியர்

அகவல் நாற்சீர் அடியால் நடப்பது. "ஐஞ்சீர் அகவல்" என்பது இலக்கணம் படித்தவர் காதில் முரணாக விழும். இதில் நான் உடன்படவில்லை. பெயர் ஒருபுறம் இருக்கட்டும், ஆசிரியைக்குப் பேச்சு வேண்டும். ஒரு வரைவு:

அப்பா சூடிய முடிதான். எனக்கது பெரிது.
நெற்றியைத் தாண்டிக் கண்ணை மறைக்கும். அதற்குள்
பஞ்சு வைத்துத் தைத்தார் அமைச்சர். நானும்
மூன்று மாரி அதனுள் ஒளிந்தேன். இன்று
வாயிலில் நிற்கும் மக்கள் முகத்தைக் கண்டேன்.
பசித்தவர் எவரும் முடியைப் பார்க்க மாட்டார்;
கையைப் பார்ப்பார். என்கை வெறுங்கை.
எடுங்கள் இதனை. பஞ்சை முதலில் பிரித்து
வெளியே வீசிப் பொருந்தும் தலையைத் தேடுங்கள்.

முதல் அடியை அலகிட்டால் தேமா, கூவிளம், புளிமா, கருவிளம், புளிமா. ஐந்தும் ஈரசைச் சீர், வடிவம் மட்டும் கலந்து வருகிறது. ஐந்தையும் தேமாவாகவே போட்டிருந்தால் மறுபடி சந்தம் பிடித்துக்கொள்ளும். தளையை நான் கட்டாயமாக்கவில்லை.

ஏழாம் அடியில் நான்கு சீர்தான். வேண்டுமென்றே விட்டது. "வெறுங்கை" என்ற சொல்லுக்குப் பின் ஐந்தாம் தட்டு மேடையில் நடக்க வேண்டும்: அரசன் முடியைக் கழற்றுகிறான். அந்த இடைவெளியில் யாரும் வசனம் போடக் கூடாது, பின்னணி இசையும் கூடாது.

கடைசிச் சீர் "தேடுங்கள்" மூவசை. பதினோராவது அசை அடிக்கு வெளியே வழிகிறது. ஆங்கிலத்திலும் இந்த வழக்கம் உண்டு. எல்லா அடியிலும் செய்தால் நடை தளர்ந்துவிடும், அதனால் ஒரே இடத்தில் வைத்தேன்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

பேச்சு நன்றாக இருக்கிறது ஐயா, ஒன்றைத் தவிர. இரண்டு, மூன்று, நான்காம் அடிகள் மூன்றிலும் முற்றுப்புள்ளி நான்காம் சீருக்குப் பின்னேயே விழுகிறது. அதற்குள், நானும், இன்று என்று ஒற்றைச் சொல் மூன்று முறை தொங்குகிறது. ஐந்தின் பயன் நிறுத்தம் நகர்வதுதான் என்றீர்கள். இங்கே அது நகரவில்லை. இப்படி மாற்றலாமா?

பஞ்சு வைத்துத் தைத்தார் அமைச்சர். உள்ளே
ஒளிந்தேன் மூன்று மாரி. இன்று காலை
வாயிலில் நிற்கும் மக்கள் முகத்தைக் கண்டேன்.

அனுப்பியவர்: யாப்பு நூல் பதிப்பாசிரியர்

ஏற்றுக்கொள்கிறேன். நிறுத்தம் மூன்றாம் சீருக்கு வந்துவிட்டது, "ஒளிந்தேன்" அடியின் தலையில் நிற்பதால் வேகமும் கூடுகிறது. உள்ளே, ஒளிந்தேன் என்று நீங்கள் கேட்ட மோனையும் வந்துவிட்டது.

அனுப்பியவர்: தமிழிலக்கிய முதுகலை மாணவர்

ஆறாம் அடியை "பசியின் கண்கள் முடியைப் பார்ப்ப தில்லை" என்று மாற்றினால் இன்னும் கவித்துவமாக இருக்குமே? சீர்க் கணக்கும் சரியாக வருகிறது.

அனுப்பியவர்: பள்ளி நாடக ஆசிரியை

கணக்குச் சரி, தம்பி, மேடையில் சரிவராது. சீர் பிரித்து அச்சிட்டால் பிள்ளைகள் அந்த இடைவெளியில் மூச்செடுப்பார்கள். "பார்ப்ப" என்று நிறுத்தி "தில்லை" என்று தொடங்கினால் கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சிதம்பரம்தான் கேட்கும். வகையுளி ஏட்டில் செல்லும். பள்ளி நாடகத்தில் சீர் முடியும் இடமும் சொல் முடியும் இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். என் பழைய வரைவின் "இறக்கிடு வேனே"வும் இதே தவறுதான். ஐயாவின் வரைவில் ஓரிடத்திலும் சொல் உடையவில்லை.

அடுத்த கேள்வி. "அதற்குள் / பஞ்சு வைத்து" என்று பொருள் அடுத்த அடிக்கு ஓடும் இடத்துக்குப் பிரதியில் ஒரு குறியும் பெயரும் வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் ஒவ்வொரு அடி முடிவிலும் குரலை இறக்கிவிடுகிறார்கள். "அடிமடக்கு" என்று எழுதலாமா?

அனுப்பியவர்: யாப்பு நூல் பதிப்பாசிரியர்

வேண்டாம் அம்மா. மடக்கு என்பது ஒரே சொல் வேறு பொருளில் திரும்ப வரும் அணி. அடியோட்டம் என்று எழுதுங்கள். பழைய ஆசிரியப்பாக்களிலேயே பொருள் அடி தாண்டி ஓடுவது இயல்பு, ஆகவே புதிதாக எதையும் நாம் புகுத்தவில்லை. குரல் பயிற்சிக்கு ஒன்று: அடி முடிவில் குரல் இறங்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது, கடைசிச் சீரைக் கொஞ்சம் நீட்டி, அதே மூச்சில் அடுத்த அடியைப் பிடிக்க வேண்டும். அடி முடிவையே மறந்து உரைநடையாக ஓட்டினாலும் தவறு.

அனுப்பியவர்: மிருதங்க ஆசிரியர்

இப்போது புரிகிறது. எங்கள் வழியில் ஒரு சிறு உதவி: ஒத்திகையின் தொடக்கத்தில் மட்டும் சீருக்கு ஒன்றாகத் தொடையில் விரலால் தட்டச் சொல்லுங்கள், ஐந்தும் வருகிறதா என்று தெரியும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பேசச் சொல்லுங்கள். தட்டிக்கொண்டே பேசினால் பாட்டுத் திரும்பிவிடும். ஏழாம் அடியின் அந்தக் காலித் தட்டுக்கு மட்டும் பின்வரிசையில் யாராவது மனத்துக்குள் எண்ணட்டும். அரசன் வேடமிட்ட பிள்ளை பதற்றத்தில் அதை விழுங்கிவிடும்.

அனுப்பியவர்: பள்ளி நாடக ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. பிரதியில் இப்போதைக்கு "ஐஞ்சீர் அகவல்" என்று போடுகிறேன். ஐயா மன்னிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அகவல் பாடத்திலேயே அறிமுகமான சொல், செந்தொடையை முதலில் விளக்க வேண்டியிருக்கும். அடியோட்டத்துக்கு அடியின் இறுதியில் வலப்பக்க அம்புக்குறி.

முடி கழற்றும் அந்த ஐந்தாம் தட்டுக்கு என்ன பெயர் போடுவது? "வெற்றுச்சீர்" என்று எழுதியிருக்கிறேன்.

அனுப்பியவர்: யாப்பு நூல் பதிப்பாசிரியர்

அகவல் பற்றிய என் மறுப்பு குழுவின் பட்டியலில் பதிவாக இருக்கட்டும். இரு சொல்லையும் அருகருகே வைப்போம். அந்தத் தட்டுக்கு "வெற்றுச்சீர்" வேண்டாம், அங்கே வெறுமை இல்லை, செயல் இருக்கிறது. "செயற்சீர்" எப்படி?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

செயல் எதுவும் இல்லாமல் வெறுமனே மௌனம் மட்டும் வரும் இடங்களும் உண்டே, ஐயா. அங்கே செயற்சீர் பொருந்தாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைக்கும்வரை பிரதியில் "ஐந்தாம் தட்டு: முடியைக் கழற்றுக" என்று நேராகவே எழுதிவிடுங்கள், அம்மா.