மேடை அளவுகோல் இல்லாமல் கண்ணருகு அளவுகோலை அளவுதிருத்தம் செய்ய முடியுமா?

வணக்கம். பிளஸ் 1 மாணவர்களுக்கு உயிரியல் செய்முறை நடத்துகிறேன். நுண்ணோக்கி ஒன்றின் கண்ணருகு அளவுகோலை, இரவல் வாங்கிய மேடை அளவுகோலை வைத்துத் திருத்தியிருக்கிறோம். 40 மடங்குப் பொருளருகு வில்லையில் கண்ணருகு அளவுகோலின் 40 பிரிவுகள், மேடை அளவுகோலின் 10 பிரிவுகளோடு, அதாவது 100 மைக்ரோமீட்டரோடு, பொருந்தின. ஆக ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீட்டர்.

வெங்காயத் தோல் செல் ஒன்று 96 பிரிவு நீளம், 240 மைக்ரோமீட்டர். மாணவி அதை 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரைந்தாள். 1,20,000ஐ 240ஆல் வகுத்தால் படத்தின் உருப்பெருக்கம் 500. பலரும் வில்லைகளின் பெருக்கமான 400ஐயே படத்தின் கீழ் எழுதிவிடுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் பிம்பத்துக்கு உரியது. தாளில் வரைந்த நீளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்போது மேடை அளவுகோலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மற்ற நுண்ணோக்கிகளில் இதே 2.5ஐப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வில்லைக்கு வில்லை மதிப்பு மாறும். பிளாஸ்டிக் அடிக்கோலின் கோடுகள் மிகத் தடிமன். மேலும் 40 மடங்கில் ஒரு மில்லிமீட்டர் பார்வைப் புலத்துக்குள் அடங்காது. எங்களிடம் இரத்த அணுக்களை எண்ணும் நியூபவர் தட்டு இருக்கிறது. அதன் மிகச் சிறிய கட்டம் 50 மைக்ரோமீட்டர்.

மூடுகண்ணாடி இல்லாமல் அதை 40 மடங்கில் குவியப்படுத்தியவர்கள் உண்டா? கோடு தெளிவாகத் தெரிந்ததா? மூன்று கோடுகள் சேர்ந்திருக்கும் இடத்தில் எந்தக் கோட்டிலிருந்து அளந்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.