அகலமா, அரையகலமா? இரு விகிதாசார வித்தியாசத்துக்கான கூறளவு

மலர்விழி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். களப்பணியாளர்களுக்கான சர்வே கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வரியில் மூன்று நாளாக நிற்கிறேன். இரண்டு வட்டாரங்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகளின் விகிதாசாரம் எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். அந்த வித்தியாசத்தின் 95% நம்பிக்கை இடைவெளி, குறித்த அகலத்துக்குள் அடங்கவேண்டும். அதற்கு வட்டாரத்துக்கு எத்தனை குழந்தைகளைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. கணக்கு எனக்குத் தெரியும், சொல்தான் சிக்கல்.

போன முறை வந்த கையேட்டில் "10 புள்ளி அகலம்" என்று அச்சிட்டிருந்தார்கள். எழுதியவர் மனத்தில் இருந்தது கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை மொத்தம் 10. களத்தில் இருந்தவர்கள் அதை "கூட்டல் கழித்தல் 10" என்று படித்து, வட்டாரத்துக்கு 143 குழந்தைகளைப் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்தார்கள். ஒரு வட்டாரத்தில் 112 பேர், மற்றதில் 99 பேர் முழுத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். வித்தியாசம் 9 புள்ளி. நம்பிக்கை இடைவெளியோ கழித்தல் 1-இலிருந்து 19 வரை போய்விட்டது. இரண்டாவது வட்டாரம் பின்தங்கியிருக்கிறதா, இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாமல் அறிக்கை அப்படியே கிடந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. இரு வட்டாரங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தையே நம் பத்திரிகைகள் "இடைவெளி" என்றுதான் எழுதுகின்றன. "நம்பிக்கை இடைவெளி" என்றால் நம்பிக்கை குறைந்துபோன மாதிரி வேறு கேட்கிறது. நான் எழுதிய வரி "இடைவெளியின் நம்பிக்கை இடைவெளியின் அகலம்" என்று முடிந்தது. படித்துவிட்டு நானே சிரித்தேன்.

அருள் எழுதியது:

மலர் அக்கா, சொல்லை விடுங்க, எண்ணே இடிக்குதே. 80%, 70% என்று வைத்தால் 10 புள்ளி வித்தியாசம். இதைக் கண்டுபிடிக்க வட்டாரத்துக்கு 291 போதும் என்று வருகிறது. நானே போட்டுப் பார்த்தேன். நீங்கள் 143 தப்பு என்கிறீர்கள், சரி. ஆனால் சரியான விடை 291 தானே?

கணேசன் எழுதியது:

அருள் தம்பி, உங்கள் 291 தப்பான எண் இல்லை. வேறு ஒரு கேள்விக்குச் சரியான விடை.

80, 70 என்ற ஊகத்தை அப்படியே வைத்துக்கொள்வோம். மலர்விழி அம்மா கேட்பது இது:

```
n = 1.96^2 * (0.8*0.2 + 0.7*0.3) / 0.05^2
```

568.6 வரும். மேல்நோக்கி முழுமையாக்கினால் வட்டாரத்துக்கு 569. கீழே இருக்கும் 0.05 தான் வில்லன். மொத்த அகலம் 10 புள்ளி என்றால் சூத்திரத்துக்குள் போவது அதில் பாதி. அங்கே 0.10 போட்டால் 143. பாதியா, முழுதா என்ற ஒரு குழப்பம் நான்கு மடங்கு வித்தியாசம் ஆகிவிடுகிறது, ஏனென்றால் அந்த எண் வர்க்கத்தில் இருக்கிறது. 143-ஐ நான்கால் பெருக்கிப் பாருங்கள், 572. முழுமையாக்கியதில் வந்த 3-ஐக் கழித்தால் 569 தான்.

அருள் கணக்கிட்டது, உண்மையிலேயே 10 புள்ளி வித்தியாசம் இருந்தால் அதை நூற்றுக்கு எண்பது தடவை "இருக்கிறது" என்று பிடிப்பதற்கான எண்ணிக்கை. அதில் 1.96-உடன் 0.84-ஐயும் கூட்டி வர்க்கமாக்குவோம், கீழே 0.10-இன் வர்க்கம் இருக்கும். 291 குழந்தைகளை எடுத்து இடைவெளி போட்டால் அரை அகலம் ஏறக்குறைய 7, மொத்தம் 14 புள்ளி. வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லலாம். 3-ஆ 17-ஆ என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

ஆக "10 புள்ளி" என்ற ஒரே சொற்றொடருக்கு மூன்று பொருள். முழு அகலம் என்றால் 569, அரை அகலம் என்றால் 143, பிடிக்க வேண்டிய வித்தியாசம் என்றால் 291. கலைச்சொல் செய்யவேண்டிய வேலை இந்த மூன்றையும் பிரித்துக்காட்டுவது. சொல் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

என் ஓட்டு அரையகலம். "அகலம்" என்று தனியாக ஒருபோதும் எழுதக் கூடாது. "முழு அகலம்" அல்லது "அரையகலம்".

தாமரைச்செல்வன் எழுதியது:

நான் பத்திரிகைக்காரன். நாங்கள் "பிழை வரம்பு" என்று எழுதுகிறோம், வாசகர்களுக்குப் பழகிவிட்டது. புதுச்சொல் எதற்கு?

இதோடு ஒரு சந்தேகம். கருத்துக்கணிப்பில் 1,000 பேரைக் கேட்டோம் என்று வையுங்கள். ஒரு வேட்பாளருக்கு 42, மற்றவருக்கு 38. பிழை வரம்பு 3 என்று கீழே பொடி எழுத்தில் போடுவோம். 4 புள்ளி முன்னிலை, 3-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே முன்னிலை உறுதி என்று தலைப்பு வைக்கலாமா? கணேசன் ஐயா கொடுத்த சூத்திரத்தில் போட்டால் 4.3 வருகிறது, அதுவும் ஏறக்குறைய சரிதானே?

கணேசன் எழுதியது:

உறுதி என்று வைக்காதீர்கள். மலர்விழி அம்மாவின் இரு வட்டாரங்களில் இருப்பவர்கள் வேறு வேறு குழந்தைகள். உங்கள் 42-ம் 38-ம் அதே ஆயிரம் பேரிடமிருந்து வந்தவை. ஒருவருக்குப் போன ஓட்டு மற்றவருக்கு இல்லை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் போக்கு இருப்பதால் முன்னிலை இன்னும் அதிகமாக ஆடும். அதற்குத் தனிச் சூத்திரம் உண்டு. போட்டால் அரையகலம் 5.5 புள்ளி. 3-ம் இல்லை, 4.3-ம் இல்லை. நீங்கள் கேட்டது வேறு இழை, அதைத் தனியாகப் பேசுவோம். இந்தச் சூத்திரத்தை மட்டும் அங்கே எடுத்துப்போக வேண்டாம்.

மலர்விழி எழுதியது:

"பிழை வரம்பு" பற்றி என் அனுபவம். பயிற்சியில் இந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு செவிலியர் அக்கா எழுந்து, "நாங்க எந்த வீட்டையும் விடலையே, பிழை எங்க வந்துச்சு?" என்று கேட்டார். பதிவேட்டில் எழுத்துப் பிழை, வயதுப் பிழை எல்லாம் பார்த்துத் திட்டு வாங்கியவர் அவர். குலுக்கலால் வரும் ஆட்டத்தைப் பிழை என்று சொன்னால் அவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். எனவே எனக்கும் அரையகலம் பிடித்திருக்கிறது.

யோகன் எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்தில் இருந்து. எங்கட பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில் நாங்கள் "வகுப்பாயிடை" என்றுதான் படிச்சனாங்கள். இரண்டு எல்லைக்கு இடையில் உள்ளது ஆயிடை. "நம்பிக்கை ஆயிடை" என்று போட்டால் மலர்விழி அக்காவின்ர இடைவெளிச் சிக்கல் இல்லாமல் போகுமே. வித்தியாசத்தை வேணுமெண்டால் இடைவெளி எண்டு சொல்லுங்கோ, ஆயிடை கலைச்சொல்லாய் இருக்கட்டும்.

நீங்கள் "கூறு" எண்டு சொல்லுறதை நாங்கள் "மாதிரி" எண்டுவம். "கூறளவு" முதலில் எனக்கு விளங்கேல்லை, துண்டின்ர அளவோ எண்டு நினைச்சன்.

அருள் எழுதியது:

ஆயிடை கேட்க நல்லாத்தான் இருக்கு யோகன் அண்ணா. ஆனால் எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் அதைப் பார்த்ததே இல்லை. கையேட்டைப் படிப்பவர் அகராதி தேடுவாரா? ஐயா, நான் 291-ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்னொன்று கேட்கிறேன். எல்லாரும் செய்கிற முப்பது ஏழு முறையில் வட்டாரத்துக்கு 210 குழந்தை. அது கூட்டல் கழித்தல் 10-க்குள் வரும் என்பார்கள். இரண்டு வட்டாரத்திலும் அதைச் செய்தால் வித்தியாசமும் 10-க்குள் வந்துவிடாதா?

கணேசன் எழுதியது:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசித் திட்டத்தில் பரவிய முறை அது. 30 கொத்து, கொத்துக்கு 7 குழந்தை. பாதிக்குப் பாதி என்ற மோசமான ஊகத்தில், தனித்தனியாகக் குலுக்கினால் அரையகலம் 10 புள்ளிக்கு 97 பேர் போதும். ஒரே ஊரின் ஏழு குழந்தைகள் ஒன்றுபோல இருப்பதால் அதை இரண்டு மடங்காக்கி, கொத்துக்கணக்கில் அடக்கியதுதான் 210.

ஆனால் அந்த 10 ஒரு வட்டாரத்துக்குத்தான். வித்தியாசத்தில் இரு பக்கமும் ஆடும். ஆட்டங்களை நேராகக் கூட்டுவதில்லை, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்போம். அதே ஊகத்தில் இரண்டு 210-ஐ வைத்தால் வித்தியாசத்தின் அரையகலம் 13.5, முழு அகலம் 27 புள்ளி. "இரண்டு சர்வே செய்தோம், ஒவ்வொன்றும் துல்லியம், ஒப்பிடுவதும் துல்லியம்" என்று அறிக்கை வந்தால் இந்த எண்ணைப் போட்டுக் காட்டுங்கள்.

மலர்விழி அம்மா, உங்கள் அடுத்த சுற்றும் கொத்தாகத்தானே? அப்படியானால் 569-உம் போதாது. அதே இரண்டு மடங்கு என்றால் வட்டாரத்துக்கு 1,138. அந்த 2-ம் ஊகம்தான். ஊருக்கு ஊர் பழக்கம் ரொம்ப மாறுகிற இடத்தில் கூடலாம், ஒரு கொத்தில் குறைவாக எடுத்தால் குறையலாம். முந்தைய சர்வேயின் கொத்துவாரித் தரவு கையில் இருந்தால் அதிலிருந்தே கணக்கிடுங்கள்.

மலர்விழி எழுதியது:

ஐயோ, 1,138-க்குப் பணம் இல்லை. முழு அகலத்தை 16 புள்ளியாகத் தளர்த்தினால் 223, கொத்துக்கு இரண்டு மடங்கு 446. அலுவலகத்தில் அதைத்தான் கேட்கப்போகிறேன். 16 போதுமா என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.

கையேட்டு வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"இரு வட்டாரங்களின் விகிதாசார வித்தியாசத்தை அரையகலம் 8 புள்ளியில் (எடுத்துக்காட்டாக, வித்தியாசம் 9 என்று வந்தால் 1 முதல் 17 வரை) மதிப்பிடத் தேவையான கூறளவு."

இரண்டு எல்லையையும் எண்ணாகப் போட்டுவிட்டால் எந்த அகலம் என்ற கேள்வி எழாது. "8%" என்று எழுதாமல் "புள்ளி" என்றே வைத்தேன். இல்லாவிட்டால் 70-இல் 8 சதவீதம் என்று யாராவது 5.6 போட்டுவிடுவார்கள்.

ஆயிடையை இந்தப் பதிப்பில் போட எனக்குத் துணிவு இல்லை. "நம்பிக்கை இடைவெளி" என்றே விட்டிருக்கிறேன். வித்தியாசம் என்ற பொருளில் "இடைவெளி" வந்த இடங்களை எல்லாம் தேடி அழித்துவிட்டேன். பதினாறு இடம் இருந்தது.

யோகன் எழுதியது:

சரி அக்கா. ஆனால் எங்கட பக்கம் இந்தக் கையேட்டை அச்சடிக்கேக்க நான் ஆயிடை எண்டுதான் போடுவன். "கூறளவு" இருக்கிற இடத்தில் "மாதிரி அளவு". அரையகலத்தில் கை வைக்கமாட்டன்.

கணேசன் எழுதியது:

அப்படியானால் 8 புள்ளிக் கணக்கின் இரு ஊக எண்களையும், 80, 70 என்பதை, அந்த வரிக்குக் கீழேயே போடுங்கள். முடிவு 60, 50 என்று வந்தால் அரையகலம் 8-இல் நிற்காது, கொஞ்சம் மிஞ்சி 9-ஐத் தொடும். பிறகு களத்தில் யாரும் குலுக்கலைக் குறை சொல்லவேண்டி இருக்காது.